மெழுகுவர்த்தியின் அடியில் விழும் ஒளி எங்கிருந்து வருகிறது?

விற்பனைப் படத்துக்காகக் கணினியில் மெழுகுவர்த்தி வரைந்த வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சுடரும் நிறமும் சரியாக இருக்கின்றன. ஆனாலும் வர்த்தி சுண்ணக்கட்டி போல் தெரிகிறது, ஏன்?" அவர் வரைந்த ஒளி மெழுகின் மேற்பரப்பிலேயே நின்றுவிட்டது. உண்மையான மெழுகில் அது உள்ளே போகிறது.

திரியைச் சுற்றி உருகிய மெழுகு நீர் போல் தெளிவாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மெழுகு உறைந்ததும் வெண்மையாகிறது. பொருள் மாறவில்லை. உறையும்போது எண்ணற்ற நுண்படிகங்கள் உருவாகின்றன. அவற்றின் எல்லை ஒவ்வொன்றிலும் ஒளி சற்றே திசை மாறுகிறது. மெழுகு ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், உள்ளே நுழைந்த கதிர் பலமுறை திரும்பித் திரும்பி அலைந்து, நுழைந்த இடத்துக்கு அப்பால் வேறெங்கோ வெளியேறுகிறது. சுடருக்கு அருகே மேல்விளிம்பு மிகுதியாகவும், கீழே போகப் போக மங்கலாகவும் ஒளிர்வது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான் வருகிறது. விளக்கடியில் இருட்டு என்பார்கள். 10 செ.மீ. உயரமும் 7 செ.மீ. விட்டமும் உள்ள, மேற்புறம் தட்டையான வர்த்தியை எடுத்துக்கொள்வோம். சுடரின் நடுப்பகுதி மேற்பரப்பிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். விளிம்பைத் தொட்டு இறங்கும் கதிர், ஒவ்வொரு 2 செ.மீ. இறக்கத்துக்கும் 3.5 செ.மீ. வெளியே நகர்கிறது. சுடரிலிருந்து மேசைக்கு 12 செ.மீ. ஆகவே அது மேசையைத் தொடுவது மையத்திலிருந்து 21 செ.மீ. தொலைவில்! அதற்குள் இருக்கும் வட்டம் முழுவதும் வர்த்தியின் நிழலில் இருக்கிறது. சுடரின் நுனி இன்னும் உயரத்தில் இருப்பதால் நிழலின் ஓரம் மட்டும் கொஞ்சம் மங்கலாகும்.

அப்படியானால் வர்த்தியின் காலடியில் படரும் அந்த மென்மையான ஒளி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மெழுகின் பக்கச்சுவரிலிருந்து. சுடர் சிறியது, பக்கச்சுவர் அகலமானது. அகன்ற பரப்பிலிருந்து வரும் ஒளிக்குக் கூர்மையான நிழல் கிடையாது. வாசகரின் படத்தில் மெழுகு ஒளியைக் கடத்தவில்லை; அதனால் அடியில் கரிய வட்டம் விழுந்திருக்கும். வர்த்தி சுண்ணக்கட்டி போல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தக் குறையைத் தீர்க்கும் எளிய கணக்குமுறையைக் கணினி வரைகலை ஆய்வாளர் ஜென்சனும் மூன்று சக ஆய்வாளர்களும் 2001இல் வெளியிட்டார்கள். அதன் அடிப்படை, உடல் திசுக்களில் ஒளி பரவுவதை ஆராய்ந்த மருத்துவ இயற்பியலிலிருந்து வந்தது. "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டுத்தான் ஆய்வுக்கு நிதி தரவேண்டும் என்போரிடம் நான் உடன்படாததற்கு இதுவும் ஒரு காரணம். தோலுக்காகப் போட்ட கணக்கு மெழுகுக்கும் பாலுக்கும் பளிங்குக்கும் பொருந்தியது.

வாசகர் வீட்டிலேயே சோதிக்கலாம். இருண்ட அறையில் ஒரு வர்த்தியை ஏற்றி, மேசையைக் கவனியுங்கள். பிறகு சுடரை அணைத்து, பக்கச்சுவரை மேல்விளிம்பு வரை அலுமினியத் தாளால் சுற்றி, மீண்டும் ஏற்றுங்கள். சுடர் அதேதான். காலடியில் இருந்த ஒளி மட்டும் போய்விடும். சுவரும் கூரையும் திருப்பி அனுப்பும் மங்கல் வெளிச்சம்தான் அங்கே எஞ்சும்.