பன்னிரண்டாவது தவணை எவ்வளவு வட்டி?

"பதினொரு மாதம் நீங்கள் கட்டுங்கள், பன்னிரண்டாவது மாதம் நாங்கள் கட்டுகிறோம்." நகைச் சீட்டு விற்பவர்கள் சொல்லும் வாசகம் இது. என் அக்கா அப்படி ஒரு சீட்டில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 55,000 கட்டினாள். முடிவில் 60,000 ரூபாய்க்கு நகை. "ஒன்பது சதவீதம் வட்டி, பாங்க் ஆர்.டி.யைவிடக் கொஞ்சம் அதிகம்" என்று கணக்குச் சொன்னாள். அவள் போட்ட வகுத்தல் சரி. 5,000-ஐ 55,000-ஆல் வகுத்தால் 9.09 சதவீதம்தான். ஆனால் அது ஆண்டு வட்டி அல்ல.

55,000 ரூபாயும் ஒரு ஆண்டு முழுவதும் கடையில் இருந்திருந்தால்தான் அந்த 9 சதவீதத்தை ஆண்டு வட்டி என்று சொல்லலாம். நடந்தது வேறு. ஜனவரி முதல் தேதியில் கட்டிய முதல் தவணை, டிசம்பர் முதல் தேதியில் நகை வாங்கும்வரை 11 மாதம் கடையில் இருந்தது. பிப்ரவரித் தவணை 10 மாதம் இருந்தது. நவம்பரில் கட்டிய கடைசித் தவணை ஒரே ஒரு மாதம்தான் இருந்தது. 11, 10, 9 என்று ஒன்றுவரை கூட்டினால் 66. அதைப் பதினொன்றால் வகுத்தால் 6. ஆக, அக்காவின் 55,000 ரூபாய் சராசரியாக ஆறு மாதம்தான் கடையில் இருந்தது. ஆறு மாதத்துக்கு 9.09 சதவீதம் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 18.2 சதவீதம். இந்தக் கணக்குக்குக் கைபேசிகூட வேண்டாம்.

இது தனிவட்டிக் கணக்கு. வங்கிகளின் வட்டியோடு நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் கூட்டுவட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்கான கேள்வி இதுதான்: மாதம் எத்தனை சதவீத வட்டி கிடைத்தால், அந்தப் பதினொரு தவணைகளும் வளர்ந்து டிசம்பர் முதல் தேதியில் சரியாக 60,000 ஆகும்? இதற்கு நேரடிச் சூத்திரம் கிடையாது. ஒரு விகிதத்தை ஊகித்து, கூட்டிப் பார்த்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டி நெருங்க வேண்டும். அந்த வேலையை எக்செல்லும் கூகுள் ஷீட்ஸும் கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும்:

```
=(1+RATE(11,-5000,0,60000,1))^12-1
```

இதில் 11 என்பது தவணைகளின் எண்ணிக்கை. கையிலிருந்து போகும் பணம் என்பதால் 5,000-க்கு முன் கழித்தல் குறி. கடைசியில் உள்ள 1, தவணையை மாதத் தொடக்கத்தில் கட்டுகிறோம் என்பதைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால், மாத இறுதியில் கட்டுவதாக வைத்துக்கொண்டு விடையைக் கூட்டிக் காட்டிவிடும். இணையத்தில் உலவும் பல கணக்குகள் தவறுவது இந்த ஒற்றை எண்ணில்தான்.

விடை 18.8 சதவீதம். மாதத்துக்கு 1.44. சரிபார்க்க வேண்டுமானால், இந்த விகிதத்தில் முதல் தவணை 5,854 ரூபாயாகவும் கடைசித் தவணை 5,072 ரூபாயாகவும் வளர்ந்திருக்கும். நடுவில் உள்ளவற்றையும் சேர்த்தால் 60,000 வந்துவிடும்.

அக்கா வாயைப் பிளந்தாள். அவசரப்பட வேண்டாம் என்றேன். சதவீதம்தான் பெரியது, பணம் அதே 5,000 ரூபாய்தான். 6.5 சதவீதம் தரும் ஆர்.டி.யில் இதே தேதிகளில் இதே தவணைகளைப் போட்டிருந்தால் ஏறக்குறைய 1,800 ரூபாய் வட்டி வந்திருக்கும். சீட்டின் மொத்த அனுகூலம் 3,200 ரூபாய். அதுவும் அந்த 5,000 உண்மையிலேயே 5,000 ரூபாய் பெறுமானால்.

தேதியும் விளையாடும். தவணை முடிந்த பிறகு, முகூர்த்தம் பார்த்து வாங்கலாம் என்று அக்கா ஜனவரிவரை காத்திருந்தால், ஒவ்வொரு தவணையும் ஒரு மாதம் கூடுதலாக, எந்த வட்டியும் இல்லாமல், கடையில் கிடக்கும். சராசரி ஆறு மாதம் ஏழாகிவிடும். ஆண்டு வருமானம் 18.8-லிருந்து 15.9 சதவீதமாக இறங்கும். ஒரே மாதத் தாமதம் ஏறக்குறைய மூன்று புள்ளிகளைத் தின்றுவிடுகிறது. ஆகவே சீட்டில் சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, போனஸ் எவ்வளவு என்பதல்ல. கடைசித் தவணை கட்டி எத்தனை நாள் கழித்து நகை எடுக்கலாம் என்பது.

இந்தச் சீட்டுகள் ஏன் எப்போதும் பதினொரு மாதத்திலேயே நிற்கின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 2014-ஆம் ஆண்டின் நிறுவன வைப்புத்தொகை விதிகளின்படி, பொருள் தருவதற்காக ஒரு கம்பெனி வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாக்கிக் கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் அது வைப்புத்தொகையாகிவிடும், அதற்கான கெடுபிடிகளும் வந்துவிடும். முதல் தவணைக்கு ஓராண்டு நிறைவதற்குள் கணக்கை முடிக்கத்தான் இந்தப் பதினொன்று.

இனி போனஸின் உண்மையான பெறுமானத்துக்கு வருவோம். வங்கி வட்டியைப் பணமாகத் தரும். கடை போனஸைப் பில்லில் கழிவாகத் தரும். அந்தக் கழிவு எவ்வளவு பெறும் என்பது, சீட்டில் சேராமல் பணத்தோடு கடைக்குள் நுழையும் ஒருவர் அதே நகையை என்ன விலைக்கு வாங்கியிருப்பார் என்பதைப் பொறுத்தது. பேரம் பேசத் தெரிந்தவர் சேதாரத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, 60,000 ரூபாய் விலை போட்ட நகையை 58,200-க்கு வாங்கிவிடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்காரருக்கு அந்தக் குறைப்பு கிடையாது. "உங்களுக்குத்தான் போனஸ் இருக்கிறதே" என்பார்கள். அப்படியானால் சீட்டின் உண்மையான லாபம் 58,200-க்கும் 55,000-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 3,200 ரூபாய். சூத்திரத்தில் 60,000 இருந்த இடத்தில் 58,200-ஐப் போட்டுப் பாருங்கள். 18.8 சதவீதம் 11.9 ஆகிவிடும்.

இன்று பல கடைகள் பன்னிரண்டாவது தவணையைக் கைவிட்டு, "18 சதவீதம்வரை சேதாரம் இல்லை" என்ற வகைச் சீட்டுக்கு மாறிவிட்டன. இதில் ஏமாறும் வாய்ப்பு இன்னும் அதிகம். கட்டும் பணம் கிராமாக வரவு வைக்கப்படுவதாகவும், கணக்கு எளிதாக இருக்கத் தங்கம் கிராம் 10,000 ரூபாயிலேயே நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். பதினொரு மாதத்தில் ஐந்தரை கிராம் சேரும். நீங்கள் எடுக்கும் சங்கிலிக்குச் சேதாரம் 12 சதவீதம் என்று அட்டையில் இருக்கிறது. சீட்டால் அது முழுவதும் தள்ளுபடி. 6,600 ரூபாயும், அதன்மேல் வரும் 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 6,798 ரூபாய் மிச்சம். இதை வட்டியாக்கினால் ஆண்டுக்கு 25.8 சதவீதம் என்று வருகிறது. எந்த வங்கியும் தராத விகிதம்.

ஆனால் அட்டையில் 12 என்று எழுதியது யார்? கடைதான். அதே சங்கிலியைச் சீட்டு இல்லாத ஒருவருக்கு 4 சதவீதச் சேதாரத்துக்கு அவர்கள் கொடுப்பார்கள் என்றால், சீட்டு உங்களுக்கு மிச்சப்படுத்தியது 12 அல்ல, 4 சதவீதம்தான். ஜி.எஸ்.டி.யோடு 2,266 ரூபாய். ஆண்டு வருமானம் 8.4 சதவீதம். நகையும் அதே, எடையும் அதே; சேதாரத்தை எந்த எண்ணிலிருந்து கழிக்கிறோம் என்பதில்தான் 25.8-க்கும் 8.4-க்கும் இடையிலான தூரம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, சீட்டு இருப்பதைச் சொல்லாமல் ஒரு மாலைப் பொழுதில் இரண்டு கடை ஏறி, பிடித்த நகைக்கு இறுதி விலை கேட்டுக் குறித்துக்கொள்வது. "வரை" என்ற சொல்லையும் கவனியுங்கள். சேதாரம் 8 சதவீதமுள்ள எளிய வளையலை எடுத்தால் 8 தான் தள்ளுபடி, மீதிப் பத்து காற்றோடு போகும். அதை விடக்கூடாது என்று வேலைப்பாடு மிகுந்த நகையை எடுக்கிறவர்கள், பின்னாளில் விற்கும்போது எடைக்கு மட்டுமே காசு பெறுவார்கள்.

தங்க விலை ஏறினால் என்ன ஆகும் என்பது அக்காவின் அடுத்த கேள்வி. பணமாகச் சேரும் சீட்டுக்கும் கிராமாகச் சேரும் சீட்டுக்கும் இங்கே நேர் எதிரான விடை. கிராம் சீட்டில் விலையேற்றம் உங்களுக்கு வந்து சேரும். ஆனால் அது சீட்டின் கொடை அல்ல. அதே தேதிகளில் நாணயமோ தங்க இ.டி.எஃப்.போ வாங்கியிருந்தாலும் அந்த ஏற்றம் வந்திருக்கும். கடைக்காரர் இரண்டையும் கூட்டி "நாற்பது சதவீத லாபம்" என்று சொன்னால், விலையேற்றத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பாருங்கள்.

பணச் சீட்டில் ஏற்றம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். நீங்கள் கட்டிய ஜனவரிப் பணம் டிசம்பர் விலையில்தான் தங்கமாகும். இதற்கு ஓர் அழகான எல்லைக்கோடு இருக்கிறது. தங்கம் மாதம் 1.44 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18.8 சதவீதம் என்ற வேகத்தில் ஏறினால், போனஸோடு சேர்த்த 60,000 ரூபாய் வாங்கும் தங்கமும், மாதாமாதம் 5,000 ரூபாய்க்கு வாங்கிச் சேர்த்திருந்தால் கிடைத்திருக்கும் தங்கமும் எடையில் ஒன்றேதான். நாம் முன்பு கண்டுபிடித்த அதே எண். அது தற்செயல் அல்ல. இரண்டு இடத்திலும் தீர்ப்பது ஒரே சமன்பாட்டை. விலை அதைவிட மெதுவாக ஏறினால் சீட்டு உங்களுக்குக் கூடுதல் தங்கம் தரும். வேகமாக ஏறினால் போனஸ் முழுவதும் கரைந்து, மேலும் கொஞ்சம் கைநழுவும். 2025-இல் தங்கம் 60 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. அந்த ஆண்டில் பணச் சீட்டு கட்டியவர்களுக்குப் பன்னிரண்டாவது தவணை ஓர் ஆறுதல் பரிசுதான்.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு உண்டு. நகைச் சீட்டுக்கு அது கிடையாது. கடை மூடினால், ஈடு வாங்காமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டியதுதான். நூறு கடையில் ஒரு கடை கைவிரிக்கும் என்று வெறும் உதாரணத்துக்கு வைத்தால்கூட, 60,000-இல் நூற்றில் ஒரு பங்கு, 600 ரூபாய், போனஸிலிருந்து கழிய வேண்டும். சூத்திரத்தில் 59,400 போட்டால் விடை 16.4 சதவீதம்.

அக்கா இப்போது கேட்டு வைத்திருக்கிற சங்கிலிக்கு, சீட்டு இல்லாத விலை 58,500 ரூபாய். சூத்திரத்தில் அந்த எண்ணைப் போட்டு 13 சதவீதம் என்று தாளில் எழுதியிருக்கிறாள். அடுத்த சீட்டில் சேரலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. தேதி மட்டும் உறுதி: கடைசித் தவணை கட்டிய மறு மாதமே நகை எடுப்பாளாம், முகூர்த்தம் பார்க்கமாட்டாளாம்.