கிழக்கே இருந்த ஒன்றரை மா எங்கே?

மன்னார்குடிப் பக்கம் பத்திரம் எழுதுவது என் தொழில். சில மாதங்களுக்கு முன் மஸ்கட்டில் இருந்துகொண்டு ஊரில் நிலம் வாங்கும் ஒருவருக்கு நஞ்சைக் கிரயப் பத்திரத்தின் நகலை வாட்ஸப்பில் அனுப்பினேன். கூடவே, "உட்பிரிவு எண் போட்டாச்சு, 3 மா, பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று ஒரு வரி. மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு.

அவர் பெயர், ஆதார் எண், அப்பா பெயர் எல்லாம் பார்த்துவிட்டு, சரி என்றார். அன்று சாயங்காலம் ஊரிலிருந்து அவருடைய அப்பா கூப்பிட்டார். மகன் அனுப்பியதை யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"தம்பி, கிழக்கால விக்கிறவரு வச்சுக்கிட்ட ஒன்றரை மா பத்திரத்துல காணுமே?"

திறந்து பார்த்தால், நான் அனுப்பியது பழைய வரைவு. முதலில் நாலரை மாவையும் விற்பதாகத்தான் பேச்சு. பிறகு விற்பவர் கிழக்கே ஒன்றரை மாவைத் தனக்கு நிறுத்திக்கொண்டார். பெயர்கள் இரண்டு வரைவிலும் ஒன்றுதான், தொகை எழுதும் இடம் இரண்டிலும் காலி. மகன் பார்த்த இடங்களில் தப்பே இல்லை.

பெரியவருக்குப் பிடிபட்டது நாலெல்லையில். பழைய வரைவில் "கோயில் நிலத்துக்கு மேற்கு" என்று இருந்தது. ஒரு வயலின் துண்டை மட்டும் விற்றால், ஏதாவது ஒரு பக்கம் விற்பவரின் மீதி நிலம் எல்லையாக வந்தே தீரும். இங்கே "விற்பவரின் மீதி நிலத்துக்கு மேற்கு" என்று வந்திருக்க வேண்டும். நான்கு பக்கமும் அடுத்தவர் நிலமும் வாய்க்காலும் பாதையுமாக இருந்தால் அது முழு வயலின் பத்திரம்.

நிலத்தைப் பார்க்காதவரும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். என் செய்தியில் 3 மா, அதாவது சுமார் 99 சென்ட். பத்திரத்தில் 1 ஏக்கர் 48 சென்ட், 0.60.0 ஹெக்டேர். புல எண்ணும் உட்பிரிவு எழுத்து இல்லாமல் வெறும் 112/3 என்றே நின்றது. அனுப்பியவர் எதை மாற்றியதாகச் சொல்கிறாரோ, அந்த இடத்தைத்தான் முதலில் தேட வேண்டும். எழுத்துப் பிழை பார்ப்பதெல்லாம் அப்புறம்.

கோப்பின் தேதியை நம்பிப் பயனில்லை. சொத்து விவரத்தை நகலெடுக்கப் பழைய கோப்பைத் திறந்த நான், மூடும்போது பழக்கதோஷத்தில் சேமித்துவிட்டேன். அதனால் அதன் தேதி புதியதைவிடப் பிந்தியதாகி, பட்டியலில் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. வாங்குபவர் போனிலோ பெரும்பாலும் பதிவிறக்கிய நாள்தான் தெரியும். பெயர்களாவது உதவுமா என்றால், ஒன்று `kirayam_final.docx`, மற்றது `kirayam_final1.docx`.

இப்போது அனுப்பும்போது பரப்பு, பக்க எண்ணிக்கை, ஒரு எல்லை மூன்றையும் செய்தியிலேயே எழுதிவிடுகிறேன். ஆனால் கோப்பைப் பார்த்து எழுதுவதில்லை, என் நோட்டிலிருந்து எழுதுகிறேன். தப்பான கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் செய்தியும் அதோடு ஒத்துப்போய்விடும், படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய கோப்பின் பெயர் இப்போது `naalarai_maa_RATHU.docx`.