ஓவர்டைம் பில்லில் வரும் மணிக்கணக்கு தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்கிறதா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளின் பில்லைச் சரிபார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. ஏஜென்சி மாதக் கடைசியில் டைம்ஷீட்டைக் கூட்டி, மணிக்கு இவ்வளவு என்று பில் அனுப்பும். சாதாரண நேரத்துக்கான வரியில் பெரிய தவறுகளை நான் அதிகம் பார்த்ததில்லை. தவறெல்லாம் ஓவர்டைம் வரியில்தான். அதில் கம்பெனி கூடுதலாகக் கொடுத்திருக்கும், அதே மாதத்தில் தொழிலாளிக்குக் குறைந்தும் போயிருக்கும். இரண்டும் ஒரே பில்லுக்குள் இருக்க முடியும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

2024-ல் ஒரு பேக்கிங் யூனிட்டில் பார்த்த பில்லை எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஹெல்பருக்கு மாதம் 15,600 ரூபாய். 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 600, எட்டு மணியால் வகுத்தால் மணிக்கு 75. ஆபரேட்டருக்கு இதே கணக்கில் மணிக்கு 95. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டும்தான், வேறு படி எதுவும் இல்லை. நாளுக்கு எட்டு மணி தாண்டினால் ஓவர்டைம், கூலி இரட்டிப்பு என்பது ஒப்பந்தம்.

ஹெல்பரின் 75 ரூபாய் பில்லில் எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். முதலாளி பங்காக பி.எஃப். 13 சதவீதம் (நிர்வாகச் செலவும் காப்பீடும் சேர்த்து), அது 9.75. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், அது 2.44. போனஸ் 8.33 சதவீதம், அது 6.25. ஏஜென்சியின் சர்வீஸ் சார்ஜ் மணிக்கு 6 ரூபாய். மொத்தம் 99.44. இதில் யாருக்கும் தகராறு இல்லை.

ஓவர்டைம் மணிக்கு ஏஜென்சி இந்த 99.44-ஐ அப்படியே இரண்டால் பெருக்கி 198.88 போட்டிருந்தது. "சட்டமே டபுள்தானே சார் சொல்லுது" என்றார் அவர்களுடைய பில்லிங் ஆள். சட்டம் இரட்டிப்பாக்கச் சொல்வது கூலியை, பில் ரேட்டை அல்ல. கூலி 75 என்பது 150 ஆகிறது. ஓவர்டைம் பணத்துக்கு பி.எஃப். கட்ட வேண்டியதில்லை, போனஸ் கணக்கிலும் அது சேராது. இ.எஸ்.ஐ.க்கு அப்போது ஓவர்டைமும் கணக்கில் உண்டு, அது 4.88. சர்வீஸ் சார்ஜ் ஒப்பந்தப்படி அதே 6 ரூபாய். ஆக 160.88. மணிக்கு 38 ரூபாய் வித்தியாசம். அந்த 38 ரூபாய் தொழிலாளிக்கும் போகவில்லை, பி.எஃப். கணக்குக்கும் போகவில்லை.

அடுத்தது மணிக்கணக்கு. ஒரு ஹெல்பரின் ஒரு வாரத்து டைம்ஷீட், திங்கள் முதல் சனி வரை: 10, 8, 8, 10, 8, 8. மொத்தம் 52 மணி. தினக்கணக்கில் பார்த்தால் திங்களும் வியாழனும் இரண்டிரண்டு மணி, ஆக நான்கு மணி ஓவர்டைம். வாரக்கணக்கில் பார்த்தால் 48 போக நான்கு மணி. இரண்டும் ஒரே நான்கு மணிதான், பார்க்கும் கோணம் வேறு. ஆனால் ஏஜென்சியின் ஷீட்டில் தினத்துக்கு ஒரு நெடுவரிசை, வாரத்துக்கு ஒரு நெடுவரிசை என்று இருந்தது. கடைசியில் இரண்டையும் கூட்டி எட்டு மணி ஓவர்டைம் என்று போட்டுவிட்டார்கள். இதைப் பிடிக்க ஒரே கேள்வி போதும்: சாதாரண மணியையும் ஓவர்டைம் மணியையும் கூட்டினால், அந்த ஆள் உள்ளே இருந்த மொத்த மணி வருகிறதா? இங்கே 48-ம் 8-ம் 56. ஆள் இருந்தது 52. சரி, முடிந்தது.

இந்த வழியில் அந்த மாதம் ஹெல்பர்களுக்கு பில்லான ஓவர்டைம் 620 மணி. உண்மையில் 410. ஏஜென்சி கேட்டது 1,23,305.60 ரூபாய், வரவேண்டியது 65,960.80. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் இதற்கு மேல்.

இதோடு நிறுத்தியிருந்தால் கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக்கொடுத்ததாக முடிந்திருக்கும். நான் எப்போதும் சம்பளப் பதிவேட்டையும் கேட்பேன். தயங்கித்தான் கொடுப்பார்கள், விடாமல் கேளுங்கள். அந்தப் பதிவேட்டில் ஹெல்பர்களுக்குக் கொடுத்த ஓவர்டைம் 392 மணி. பில்லில் 620, நிஜத்தில் 410, கையில் 392. அந்தப் பதினெட்டு மணி எங்கே போனது?

நைட் ஷிஃப்ட் டைம்ஷீட்டில் கிடைத்தது. ஒருவர் இரவு 10 மணிக்கு உள்ளே வந்து காலை 8.15-க்கு வெளியே போயிருக்கிறார். அரை மணி இடைவேளை போனால் 9 மணி 45 நிமிடம். ஓவர்டைம் ஒரு மணி 45 நிமிடம். அதை எழுதியவர் 1.45 என்று டைப் செய்திருக்கிறார். எக்ஸெலுக்கு அது நிமிடம் என்று தெரியாது, 1.45 மணி என்றே பெருக்கும். சரியான எண் 1.75. ஒரு ராத்திரிக்கு 0.30 மணி, 45 ரூபாய் அந்த ஆளுக்குப் போச்சு. காலைச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற காசு அது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, ஆனால் மாதாமாதம் நடந்திருக்கிறது. மணியைக் கையால் டைப் செய்ய விடாமல், உள்ளே வந்த நேரம் A2-விலும் வெளியே போன நேரம் B2-விலும் இருக்கட்டும்:

```
=MOD(B2-A2,1)*24-0.5
```

நள்ளிரவு தாண்டினாலும் இது 9.75 என்று சரியாகக் கொடுக்கும். கடைசி 0.5 என்பது இடைவேளை அரை மணி. மணியும் நிமிடமும் கலந்த எண்ணை நேரடியாகப் பெருக்கியிருக்கிறார்களா என்று சந்தேகம் வந்தால், டைம்ஷீட்டில் .15, .30, .45 மட்டுமே வருகிறதா, .25, .50, .75 ஒன்றுகூட இல்லையா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நிமிடத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ரேட் வித்தியாசத்திலும் ஒரு சங்கதி. ஆபரேட்டர் லீவு போட்ட மூன்று நாள், ஒரு ஹெல்பரை மெஷினில் நிற்க வைத்திருக்கிறார்கள். பில்லில் ஆபரேட்டர் ரேட் 124.35 ஏறியது. சம்பளச் சீட்டில் அவருக்கு அதே 75. டைம்ஷீட்டில் பெயருக்கு எதிரே பதவி ஒரு தடவைதான் இருந்தது, நாளுக்கு நாள் இல்லை. அதனால் யார் எந்த வேலை பார்த்தார் என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னதுதான் பில்லானது, சம்பளம் போடுபவர் காதுக்கு அது வரவே இல்லை. ஒவ்வொரு நாளுக்கும் வேலை என்ன என்று ஒரு நெடுவரிசை போட்டு, அன்றன்றைக்கே கையெழுத்து வாங்கினால் இந்தப் பிரச்சினை எழாது. மாதக் கடைசியில் முப்பது நாளுக்கும் சேர்த்துப் போடும் கையெழுத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி தொடர்கிறது, ஆனால் 'கூலி' என்ற சொல்லுக்கான வரையறையே மாறியிருக்கிறது. மேலே சொன்ன பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு 2024-க்கானது. பழைய ரேட் ஷீட் கையில் இருந்தால் ஒவ்வொரு வரியையும் திரும்பப் போட்டுப் பாருங்கள், பழைய எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

அந்த யூனிட்டில் ஏஜென்சி கிரெடிட் நோட் கொடுத்தது. அதை ஒப்புக்கொள்ளும் முன் நான் ஒரு நிபந்தனை வைக்கச் சொன்னேன்: பதினெட்டு மணிக்கு 2,700 ரூபாய், மெஷினில் நின்ற ஹெல்பருக்கு மூன்று நாள் வித்தியாசம் 480 ரூபாய், இரண்டும் அடுத்த சம்பளச் சீட்டில் நிலுவை என்று தனி வரியில் வர வேண்டும், அந்தச் சீட்டின் நகல் பில்லோடு இணைந்திருக்க வேண்டும். வந்தது. நகலில் தொழிலாளர்களின் கையெழுத்தும் இருந்தது.