பாட்டியின் உளுந்து வடை: மாவில் காற்று, எண்ணெயில் நீராவி

பகல் 2 மணி. பாட்டி ஒரு தம்ளர் உளுந்தைக் கழுவி, மூழ்கும்படி தண்ணீர் விட்டு மூடி வைக்கிறார். சாயங்காலம் 5 மணிக்குத் தட்டில் வடை இருக்க வேண்டும். இடையிலுள்ள மூன்று மணி நேரத்தில் அவர் செய்வதெல்லாம் இரண்டே வேலைகள்: மாவுக்குள் காற்றை அடைப்பது, பிறகு மாவிலிருந்து நீரை விரட்டுவது.

தோல் நீக்கிய முழு உளுந்துக்கு இரண்டு மணி நேர ஊறல் போதும். ஒரு பருப்பை நகத்தால் கிள்ளிப் பார்த்தால், நடுவில் கடினமான புள்ளி தட்டுப்படாமல் உடைய வேண்டும். அதற்குள் பருப்பு ஏறக்குறைய தன் எடையளவு தண்ணீரைக் குடித்திருக்கும். 200 கிராம் உளுந்து 400 கிராமை நெருங்கியிருக்கும். முதல் நாள் இரவே ஊறப்போட்டால் என்ன என்று கேட்கலாம். இட்லிக்கு அது பெரிய குறையில்லை. வடைக்குத்தான் வம்பு. ஆட்டும்போது தண்ணீரைக் கூட்டலாம், ஏற்கெனவே உள்ளே போனதைக் குறைக்க முடியாது. போதாக்குறைக்கு, மாவைப் பிடித்து நிறுத்த வேண்டிய பசையில் கொஞ்சம் ஊறிய தண்ணீரோடு போய்விடும். அந்தத் தண்ணீர் விரலில் வழுவழுப்பதே அதற்குச் சாட்சி.

4 மணிக்குப் பருப்பை வடிதட்டில் கொட்டி, பத்து நிமிடம் அப்படியே விட்டுவிடுகிறார். பருப்பில் ஒட்டியிருக்கும் தண்ணீர் பார்வைக்குச் சொற்பம்தான். ஆனால் வடை மாவுக்குத் தாங்கும் மொத்தத் தண்ணீரும் சொற்பம்தான்.

இனி ஆட்டுவது. கிரைண்டரில் பருப்பைப் போட்டு, கையால் தண்ணீர் தெளித்துத் தெளித்து இருபது நிமிடம். மொத்தம் நான்கு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 60 மில்லி. முதலில் சரசரவென்று ஓடும் மாவு, போகப் போக வெளுத்து, மெத்தென்று பொங்கி வரும். வேறு பல பருப்புகளை இப்படி ஆட்டினால் இந்தப் பொங்கல் கிடைக்காது. கடலைப்பருப்பு கொரகொரவென்றுதான் நிற்கும். உளுந்தில் இரண்டு பொருள்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1970களில் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, குளோபுலின் வகைப் புரதம். கல் சுழலும்போது மாவுக்குள் இழுபடும் காற்றுக்குமிழியைச் சுற்றி இது மெல்லிய படலமாகப் படிகிறது. இன்னொன்று, அராபினோகலாக்டன் என்ற சர்க்கரைச் சங்கிலி. உளுந்தின் வழுவழுப்புக்குக் காரணம் இதுதான். குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து மேலே ஏறி உடைந்துபோகாமல், இருக்கிற இடத்திலேயே அவற்றைப் பிடித்து வைப்பது இதன் வேலை. புரதம் மட்டும் இருந்தால் நுரை வரும், நிற்காது. பசை மட்டும் இருந்தால் கூழ்தான்.

மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு வடை கல்லாவது இந்த இடத்தில்தான். பிளேடு பருப்பை வேகமாக வெட்டும். கல்லைப் போல மாவை மடித்து மடித்துக் காற்றை உள்ளே தள்ளாது. கூடவே மாவும் சூடேறும். சூடான மாவு இளகும், பிடித்த காற்று நழுவும். மிக்ஸியை விட்டால் வழியில்லை என்றால், தண்ணீரைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்து, விட்டு விட்டு ஓட்டி, அரைத்த மாவைக் கையால் நான்கைந்து நிமிடம் அடிக்கலாம். ‘ஒரே பக்கமாக அடி’ என்பார் பாட்டி. திசையில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரே பக்கமாக அடிப்பவர் நிறுத்தாமல் அடிப்பார், பலன் அதில்தான்.

காற்று போதுமா என்று பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். கொட்டைப்பாக்கு அளவு மாவை அதில் போடுகிறார் பாட்டி. மிதந்தால் சரி, மூழ்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்.

“என்ன பாட்டி, மாவுக்கு நீச்சல் பரீட்சையா?” என்கிறாள் பேத்தி.

“ஆமாண்டி, இதுல தேறினாத்தான் எண்ணெய்க்குள்ள போக விடுவேன்.”

தேறுவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். ஊறிய பருப்பு 400 கிராம், தெளித்த தண்ணீர் 60 கிராம், ஆக மாவு 460 கிராம். காற்றே இல்லாவிட்டால் இது சுமார் 400 மில்லி இடத்தைப் பிடிக்கும். மாவுச்சத்தும் புரதமும் தண்ணீரைவிடக் கனமானவை என்பதால் எடை கூடுதல், கொள்ளளவு குறைவு. தண்ணீரில் மிதக்க 460 கிராம் மாவு 460 மில்லிக்கு மேல் உப்ப வேண்டும். அப்படியென்றால் குறைந்தது 60 மில்லி காற்று, பொங்கிய மாவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. இது தேறுவதற்கான மதிப்பெண் மட்டுமே. நன்றாக ஆட்டிய மாவு பஞ்சு போல மேலேயே நிற்கும்.

மிதக்கிறது, ஆனால் கையில் நிற்காமல் வழிகிறது என்றால் தண்ணீர் கூடிவிட்டது. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் ஓரளவு இறுகும். இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் உதிரித் தண்ணீரை அது வாங்கிக்கொள்ளும், மேல்தோலும் மொறுமொறுப்பாகும். அதற்கு மேல் போட்டால் வடை தட்டையைப் போலக் கடிக்க வேண்டியதாகிவிடும். வெங்காயத்தையும் உப்பையும் கடைசி நிமிடத்தில்தான் கலக்க வேண்டும். உப்பு பட்ட வெங்காயம் பத்தே நிமிடத்தில் தண்ணீர் விடும். அளந்து அளந்து தெளித்ததெல்லாம் வீண்.

அடுப்பில் அரை லிட்டர் எண்ணெய். 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பாட்டியிடம் வெப்பமானி இல்லை, மிளகளவு மாவு இருக்கிறது. போட்டதும் கொஞ்சம் அமிழ்ந்து உடனே குமிழியோடு மேலே வந்தால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் போதாது. வந்த கையோடு சிவந்தால் அதிகம்.

கையை நனைத்து, எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாக 40 கிராம் மாவை எடுத்துத் தட்டி, கட்டைவிரலால் நடுவில் துளை போடுகிறார். ஈரக்கையில் மாவு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு எண்ணெயில் இறங்கும். அந்தத் துளை அழகுக்கு அல்ல. அதே 40 கிராமை உருண்டையாகப் போட்டால் குறுக்களவு நாலரை சென்டிமீட்டர் வரும். மேற்பரப்பிலிருந்து நடுமையம் 2.2 சென்டிமீட்டர் ஆழத்தில். துளை போட்டு வளையமாக்கினால் வளையத்தின் தடிமனே 2.2 சென்டிமீட்டர்தான், மையம் 1.1 சென்டிமீட்டர் ஆழத்தில். வெப்பம் உள்ளே பரவ எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பந்தும் வளையமும் வேறு வேறு வடிவம் என்பதால் கணக்கு கச்சிதமாக நான்கு மடங்கு வராது. ஆனாலும் உருண்டை உள்ளே வேக இரண்டு மூன்று மடங்கு நேரம் கேட்கும். அதற்குள் வெளியே கருகிவிடும், அல்லது கருகுமே என்று சீக்கிரம் எடுத்தால் உள்ளே பச்சை மாவு வழியும்.

ஒரு ஈட்டுக்கு நான்கு வடை. ஆறு போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று தோன்றும். முடியாது. நான்கு வடை என்பது 160 கிராம் குளிர்ந்த மாவு. அதை அறைச்சூட்டிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர மட்டும் சுமார் 37 கிலோஜூல் வேண்டும். அரை லிட்டர் எண்ணெய் ஒரு கிலோஜூலை இழந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரி இறங்கும். அடுப்பு எரியவே இல்லை என்றால் 180 டிகிரி 143க்கு வந்துவிடும். நீர் ஆவியாவதற்கான செலவு இன்னும் கணக்கில் வரவில்லை. இந்த நட்டத்தைத் தீதான் ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் வடையைப் போட்டதும் பாட்டி தீயைக் கூட்டுகிறார், ஒரு நிமிடம் கழித்து மிதமாக்குகிறார். ஆறு வடை போட்டால் தீ ஈடுகொடுக்காது. சூடு இறங்கிய எண்ணெயில் மேல்தோல் பிடிக்க நேரமாகும், வடை நெடுநேரம் கிடக்கும், வெளிறியபடி எண்ணெய் குடிக்கும்.

போட்டதும் எழும் ‘சொர்ர்’ ஓசை எண்ணெயின் சத்தம் அல்ல, தண்ணீரின் சத்தம். ஒரு கிராம் தண்ணீர் கொதித்தால் ஏறத்தாழ 1.7 லிட்டர் நீராவி. ஒரு வடை 8 கிராம் நீரை இழந்தால், உள்ளங்கையளவு மாவிலிருந்து 13 லிட்டருக்கு மேல் ஆவி வெளியேறியிருக்கிறது. ஆட்டும்போது அடைத்த குமிழிகள் சூட்டில் விரிந்து, சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுவதால்தான் உள்ளே பஞ்சு போன்ற அறைகள். உள்ளே ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மேல்தோல் மட்டும் காய்ந்து அதைத் தாண்டி ஏறும். பொன்னிறமும் வாசனையும் பிறப்பது அங்கேதான். ஓசை அடங்கி, பெருங்குமிழிகள் போய்ப் பொடிக்குமிழிகள் மட்டும் வந்தால் எடுக்கும் நேரம். பாட்டி கூடத்தில் இருந்தபடியே “திருப்புடி” என்று சொல்வது இந்த ஓசையை வைத்துத்தான்.

வடை எண்ணெய் குடிப்பது கொதிக்கும்போது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கொதிக்கும்போது உள்ளிருந்து சீறும் ஆவி எண்ணெயை உள்ளே விடாது. குடிப்பதில் பெரும்பகுதி வெளியே எடுத்த பிறகுதான். வடை ஆறத் தொடங்கியதும் துளைகளிலுள்ள ஆவி தண்ணீராகச் சுருங்கும், உள்ளே அழுத்தம் குறையும், மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உறிஞ்சப்படும். ஆகவே எடுத்த முதல் அரை நிமிடம்தான் முக்கியம். பாட்டி சல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே சாய்த்துப் பிடித்து, இரண்டு உதறு உதறி, வடைகளைக் கம்பித்தட்டில் செங்குத்தாக நிறுத்துகிறார். தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுச் சாவகாசமாகக் காகிதம் தேடினால், அதற்குள் எண்ணெய் உள்ளே போயிருக்கும்.

மொறுமொறுப்புக்கு ஆயுள் குறைவு. உள்ளே மிஞ்சியிருக்கும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த தோலுக்கு வரும், அரைமணியில் தோல் தளரும். சூடாகவே டப்பாவில் போட்டு மூடினால் அதற்கும் முன்பே.

மிஞ்சிய நான்கு வடைகளைப் பாட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் போடுகிறார். இப்போது அதே துளைகள் எண்ணெய்க்குப் பதில் தண்ணீரைக் குடிக்கின்றன. ஐந்து நிமிடம் கழித்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிழிந்தால், தண்ணீரின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதக்கும். பிழிந்த வடை திரும்ப விரியும், தயிரை இழுத்துக்கொள்ளும். ராத்திரிக்குத் தயிர்வடை.