ஆப் காட்டும் சராசரி விலையை வைத்து வரிக் கணக்குப் போடாதீர்கள்

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவம் வந்துவிட்டால் என் மேசைக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "சார், ஆப்பில் லாபம் இவ்வளவு என்று இருக்கிறது, உங்கள் கணக்கில் ஏன் வேறு தொகை வருகிறது?" கடைசியாகக் கேட்டவர் ஒரு மென்பொருள் ஊழியர். பங்குச் சந்தையில் அவருக்கு அதுதான் முதல் விற்பனை. என் கணக்கில் பிழை இருக்கிறது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

2023 ஜூனில் ஒரு நிறுவனத்தின் 100 பங்குகளை, பங்கு ஒன்று 600 ரூபாய் என்று வாங்கியிருக்கிறார். 2024 அக்டோபரில் அந்த நிறுவனம், கையில் இருக்கும் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பங்கை இலவசமாகப் போனஸாகக் கொடுத்தது. பங்குகள் 200 ஆயின. ஆப்பில் சராசரி விலை 300 என்று மாறிவிட்டது. 2025 பிப்ரவரியில் 150 பங்குகளை 440 ரூபாய்க்கு விற்றார். ஆப் காட்டிய லாபம் 21,000. "2023-ல் வாங்கியது, அதனால் நீண்டகால ஆதாயம். 1.25 லட்சம் வரை வரி இல்லை" என்பது அவர் வாதம்.

சராசரி விலை என்பது ஆப் உங்கள் வசதிக்காகக் காட்டும் எண். வரிச்சட்டத்துக்கு அது தேவையே இல்லை. டீமேட் கணக்கில் எந்தப் பங்கு முதலில் வந்ததோ அதுதான் முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். போனஸ் பங்குக்கு வாங்கிய விலை பூஜ்யம். அதன் வயது, அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது. மூலப் பங்கை எப்போது வாங்கினீர்கள் என்பதற்கும் போனஸ் பங்கின் வயதுக்கும் தொடர்பில்லை. இதை நான் எத்தனை முறை சொன்னாலும், "அதே பங்குதானே சார்" என்றுதான் பதில் வருகிறது.

அவர் விற்ற 150-ல் முதல் 100, மூலப் பங்குகள். 600-க்கு வாங்கி 440-க்கு விற்றதால் 16,000 ரூபாய் நீண்டகால நஷ்டம். மீதி 50 போனஸ் பங்குகள், அவற்றுக்கு வயது நான்கு மாதம். விற்ற 22,000 ரூபாயும் முழுக்கக் குறுகியகால ஆதாயம். நீண்டகால நஷ்டத்தைக் குறுகியகால ஆதாயத்தில் கழிக்க முடியாது. 2024 ஜூலை 23-க்குப் பிறகான விற்பனை என்பதால் 20 சதவீதம், அதாவது 4,400 ரூபாய் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். 16,000 நஷ்டத்தை எட்டு ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம், ஆனால் கெடு தேதிக்குள் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் அவருடைய புரோக்கர் தந்த மூலதன ஆதாய அறிக்கையிலேயே சரியாக இருந்தன. அந்தப் பங்கு இரண்டு தனித்தனிப் பதிவுகளாக, இரண்டு வாங்கிய தேதிகளோடு இருந்தது. அவர் அடியில் இருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டார். தயவுசெய்து வரி வரியாகப் படியுங்கள்.

ஹோல்டிங் அறிக்கையில் இந்த விவரம் கிடைக்காது. அதில் ஒரே வரியில் 200 பங்குகள், அன்றைய சந்தை விலை, மதிப்பு, அவ்வளவுதான். என்ன விலைக்கு எப்போது வாங்கினீர்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கணக்கில் வரவோ பற்றோ நடந்த மாதத்துக்கு, டீமேட் பங்குகளை வைத்திருக்கும் அமைப்புகளான என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த அறிக்கையைத் திறந்து, பரிவர்த்தனைப் பகுதிக்குப் போங்கள். பான் எண்தான் கடவுச்சொல். பங்கின் பெயருக்கு அருகில் INE என்று தொடங்கும் பன்னிரண்டு எழுத்துக் குறியீடு இருக்கும். பழைய குறியீட்டில் பங்குகள் பற்றாகி, புதிய குறியீட்டில் கூடுதல் எண்ணிக்கையில் வரவாகியிருந்தால் பெரும்பாலும் அது பங்குப் பிரிப்பு. அதில் வாங்கிய தேதி மாறாது, விலை மட்டும் பிரிந்து பரவும். நீங்கள் வாங்காமலேயே அதே குறியீட்டில் கூடுதல் பங்குகள் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் போனஸ். ஆப்பில் இரண்டுமே எண்ணிக்கை ஏறி சராசரி இறங்கியதாகத்தான் தெரியும், ஆனால் வரி வேறு.

இன்னொன்று. ஆதாய அறிக்கையில் வாங்கிய விலை பூஜ்யம் என்று இருந்தால், போனஸ் பங்குக்கு அது சரி. ஆனால் வேறு புரோக்கரிடமிருந்து மாற்றிய பங்குக்கும், அப்பா கணக்கிலிருந்து வந்த பங்குக்கும் பூஜ்யம் இருந்தால், புதிய புரோக்கருக்குப் பழைய விலை தெரியவில்லை என்றுதான் பொருள். அதை அப்படியே தாக்கல் செய்தால் விற்ற தொகை முழுவதற்கும் வரி கட்டுவீர்கள். அப்பா அன்பளிப்பாகத் தந்ததோ, அவருக்குப் பின் வாரிசாக வந்ததோ, அவர் வாங்கிய விலையும் தேதியும்தான் உங்களுக்கும் பொருந்தும். புரோக்கரின் தளத்திலேயே அவற்றைப் பதிவு செய்ய வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பங்கு வாங்கியபோது புரோக்கர் தந்த ஒப்பந்தக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள். பழைய புரோக்கர் கணக்கை மூட நினைப்பவர்கள், மூடுவதற்கு முன்பே எல்லா ஆண்டு ஒப்பந்தக் குறிப்புகளையும் தரவிறக்கி வைத்துவிடுங்கள். மூடிய பிறகு அவற்றைக் கேட்டு அலைபவர்களை ஒவ்வொரு ஜூலையிலும் பார்க்கிறேன்.