காது சூடாகும்போது உள்ளே நடப்பது

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் ஒரு நிலையத்தில் கணக்கு எழுதும் வாசகி கேட்டிருந்தார்: "எல்லார் முன்னாலயும் தப்பு பண்ணினா காதெல்லாம் தீ மாதிரி எரியுதே, அது ஏன்? அதை நிறுத்த வழி உண்டா?"

நடந்தது இது. ரப்பர் பாலுக்கு அதன் எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. மாதிரி எடுத்து உலர்த்தி, அதில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்கள். அதுதான் டி.ஆர்.சி. பணம் கொடுக்கும் நாளில் பட்டியலை உரக்க வாசித்த வாசகி, ஒரு விவசாயியின் 38-ஐ 33 என்று வாசித்துவிட்டார். கையெழுத்தில் எட்டு மூன்றாகத் தெரிந்திருக்கிறது. 40 கிலோ பாலுக்கு 38 என்றால் 15.2 கிலோ ரப்பர், 33 என்றால் 13.2. இரண்டு கிலோ காணோம். "மக்ளே, நம்ம பாலுல தண்ணியா ஊத்தினேன்?" என்று பெரியவர் கேட்க, இருபது பேரும் திரும்பிப் பார்க்க, வாசகி எழுந்து பின்னால் பீப்பாய்கள் அடுக்கிய அறைக்குள் போய்விட்டார்.

சரி, காதுக்கு வருவோம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், இதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். அப்போது, ஆபத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் பயத்தில் கை சில்லிடுகிறது. ஆனால் வெட்கப்படும்போது அதே நரம்பு மண்டலம் முகத்தில் நேரெதிராக வேலை செய்கிறது. கன்னம், காது, கழுத்துக் குழாய்கள் விரிந்து, உடலின் ஆழத்திலிருந்து சூடான ரத்தம் தோலுக்கடியில் வந்து தேங்குகிறது. முகத்துச் சிரைகளில், அட்ரினலின் பட்டால் குழாயைத் தளரச்செய்யும் பீட்டா ஏற்பிகள் இருப்பது இதற்கு ஒரு காரணம். இன்னொன்று, குழாயை விரிக்கவென்றே கழுத்து வழியாக முகத்துக்கு வரும் நரம்பிழைகள். இது ஊகமில்லை. கழுத்தில் ஒரு பக்கப் பரிவு நரம்பு சேதமானவர்களுக்கு அந்தப் பக்க முகம் சரியாகச் சிவப்பதில்லை. பாதி முகம் வெட்கப்படும், மறுபாதி சும்மா இருக்கும்! இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

1872-இல் டார்வின் இதற்கு ஒரு முழு அத்தியாயமே எழுதினார். கிச்சுகிச்சு மூட்டினால் சிரிப்பு வரும், அடித்தால் அழுகை வரும், ஆனால் உடலைத் தொட்டு எதைச் செய்தும் வெட்கச் சிவப்பை வரவைக்க முடியாது, மனம் பாதிக்கப்பட்டால்தான் வரும் என்றார். நடிக்க முடியாத அடையாளம் என்பதால்தான் பார்ப்பவர்கள் அதை நம்புகிறார்கள். 1982-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கடையில் அடுக்கிவைத்த பொருட்களைத் தட்டிவிடும் ஒருவரைப் படமெடுத்துக் காட்டினார்கள். சங்கடப்பட்டு நின்றவரைத்தான் பார்த்தவர்களுக்குப் பிடித்தது, கண்டுகொள்ளாமல் போனவரை அல்ல. நம் கறுத்த தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. குனியும் பார்வை, இறுக்கிய உதடு, முகத்தைத் தொடும் கை இவையெல்லாம் தெரியும். சிவந்த தோல்காரர்களிடம்தான் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நடந்திருக்கின்றன. நம் ஊர் முகங்களை வைத்துச் செய்ய யாராவது பணம் ஒதுக்கினால் தேவலை. வாசகியின் அம்மாவோ கண்ணேறு என்று மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாராம். எட்டு மூன்றானதற்கு மிளகாய் என்ன செய்யும்?

ஆனால் ஒரு இடத்தில் இந்த அடையாளம் நம்மையே காட்டிக்கொடுத்துவிடும். நடந்தது தவறா ஏமாற்றா என்று பார்ப்பவருக்குத் தெளிவில்லாதபோது, முகச்சிவப்பை அவர் குற்றத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினார்கள். பால் எடை, டி.ஆர்.சி. என்றாலே விவசாயிக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. அங்கே முகம் சூடாகி எழுந்து ஓடினால், "பிடிபட்டுட்டா" என்றுதான் தோன்றும். அறைக்குள் இருந்த பத்து நிமிடத்தில் வெளியே முணுமுணுப்பு அப்படித்தான் இருந்ததாம்.

எனவே காது எரிவதை நிறுத்த வழி தேட வேண்டாம். சில நிமிடங்களில் தானே தணியும். முகத்தை மறைக்காமல், கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். வாசகி அதைத்தான் செய்தார். உலர்த்தும் அறையின் மூலக் குறிப்பேட்டை எடுத்துவந்து பெரியவர் முன் விரித்து, "அண்ணாச்சி, எட்டை மூணுன்னு வாசிச்சிட்டேன், என் தப்புதான்" என்றார். அவர் எதிரிலேயே 15.2 போட்டு, பழைய எண்ணை அழிக்காமல் குறுக்கே கோடிழுத்துக் கையெழுத்து வாங்கினார். அத்தோடு நிற்காமல் அன்றைய பட்டியல் முழுவதையும் குறிப்பேட்டோடு ஒப்பிட்டார். இன்னொரு வரியிலும் பிழை இருந்தது. அதில் விவசாயிக்கு அரைக் கிலோ கூடுதலாகப் போயிருந்தது. அதையும் உரக்கவே சொன்னார். அப்போதும் காது சூடாகத்தான் இருந்ததாம்.