தலையில் பட்டும் ஏன் சாகவில்லை? துப்பாக்கி டேமேஜும் தூரமும்

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சிறிய கேமிங் சென்டர் வைத்து, கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடும் பையன்களுக்குப் பயிற்சியும் கொடுத்து வருகிறேன். என்னிடம் அதிகமாக வரும் புகார் ஒன்றுதான்: "அண்ணா, தலையிலேயே அடிச்சேன். சாகல." அடுத்து அவர்களே காரணமும் சொல்லிவிடுவார்கள். நெட் சரியில்லை, மவுஸ் சரியில்லை, எதிரி ஏமாற்றி ஆடுகிறான். இந்த மூன்றில் முதல் இரண்டுக்காக வீட்டில் பணம் செலவாகிறது. மூன்றாவதுக்காக நண்பர்களுக்குள் சண்டை வருகிறது. பல நேரங்களில் உண்மையான காரணம் தூரம். தோட்டா எவ்வளவு தொலைவு போகிறதோ அதற்கேற்ப அதன் டேமேஜ், அதாவது பட்டவனின் ஹெல்த்தில் அது கழிக்கும் அளவு, குறையும் என்று விளையாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நாம் திரையில் நேரடியாகப் பார்க்க முடியாது, அதனால்தான் இத்தனை குழப்பம்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ஐ வைத்தே சொல்கிறேன். அதில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் அடிப்படை டேமேஜ் உண்டு. கூடவே ரேஞ்ச் மாடிஃபையர் என்று இன்னோர் எண்ணும் உண்டு. தோட்டா 500 யூனிட் தூரம் போகும்போது டேமேஜில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அந்த எண் சொல்கிறது. ஒரு யூனிட் ஏறக்குறைய ஓர் அங்குலம். ஆட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் ஆளின் உயரம் 72 யூனிட், அதாவது ஆறடி. கணக்கு இப்படிப் போகும்:

```
damage = base * RangeModifier ^ (distance / 500)
```

கிளாக் பிஸ்டலுக்கு அடிப்படை 30, மாடிஃபையர் 0.85. அப்படியென்றால் 500 யூனிட்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் போகிறது. ஆடித் தள்ளுபடியில் 15 சதவீதம் கழித்த விலையிலிருந்து மறுபடியும் 15 சதவீதம் கழிப்பது போலத்தான் இதுவும். முதல் 500-இல் 30 என்பது 25.5 ஆகும். அடுத்த 500-இல் அந்த 25.5-இலிருந்து கழிந்து 21.7 ஆகும். நேராகச் சரியாமல் வளைந்து இறங்குகிறது. சுழியை ஒருநாளும் தொடாது. ஆனால் நமக்குத் தேவையான எல்லையைச் சீக்கிரமே தாண்டிக் கீழே போய்விடும்.

அந்த எல்லை எது? எதிரியின் ஹெல்த் 100. ஹெல்மெட் இல்லாத தலையில் பட்டால் கிளாக் டேமேஜ் நான்கு மடங்காகும். பக்கத்தில் நின்று சுட்டால் 120. ஒரே தோட்டாவில் ஆள் காலி. இந்த 120 எப்போது 100-க்குக் கீழே இறங்குகிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. கணக்குப் போட்டால் சுமார் 560 யூனிட் வருகிறது, ஏறக்குறைய எட்டு ஆள் நீளம். அதற்குள் நின்றால் கிளாக் ஒரே ஹெட்ஷாட்டில் கொல்லும். அதைத் தாண்டி ஓரடி பின்னால் நின்றாலும் கொல்லாது. டேமேஜ் மெல்ல மெல்லத்தான் குறைகிறது, ஆனால் ஒரு தோட்டா போதுமா இரண்டு வேண்டுமா என்பது சட்டென்று மாறுகிறது. பையன்களுக்கு இது நெட் கோளாறு மாதிரித் தெரிவதற்குக் காரணமே இந்தச் சட்டென்ற மாற்றம்தான். நேற்று செத்த ஆள் இன்று சாகவில்லை என்றால் நெட்டைத்தானே சந்தேகப்படுவார்கள்?

எதிர்த் தரப்பு கையில் இருக்கும் யூஎஸ்பி-எஸ்ஸுக்கு அடிப்படை 35, மாடிஃபையர் 0.91. அது 1,780 யூனிட் வரை ஒரே ஹெட்ஷாட்டில் கொல்லும், கிளாக்கைப் போல மூன்று மடங்கு தூரம். இரண்டுமே ரவுண்ட் தொடக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிஸ்டல்கள்தான். ஆனால் ஒன்று நெருங்கி வந்து சுடுவதற்கு, மற்றது தள்ளி நின்று காவல் காப்பதற்கு. நிஜமான 9 மில்லிமீட்டர் தோட்டா இவ்வளவு குறைந்த தூரத்தில் இந்த அளவு வலுவிழக்காது. ஒரே துப்பாக்கி எல்லா இடத்திலும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த எண்களை வைக்கிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து கீழே வந்து இங்கே இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி, வார நாட்களில் எங்கள் சென்டரிலும் விடுமுறையில் வீட்டிலும் ஆடுவான். மலை மேலே நெட் மோசம் என்பதில் அவன் உறுதியாக இருந்தான். அவன் அப்பாவும் என்னைக் கூப்பிட்டு, "சார், இன்னும் பெரிய பிளான் போட்டுக் குடுத்துடலாமா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, தம்பியிடம் கன்சோலில் வரும் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். செட்டிங்ஸில் டெவலப்பர் கன்சோலை ஆன் செய்து வைத்தால், நாம் யாருக்கு எவ்வளவு டேமேஜ் கொடுத்தோம் என்று அதில் வரிவரியாக வரும். அவன் அனுப்பிய வரி இப்படி இருந்தது, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
Damage Given to "player" - 99 in 2 hits
```

பிஸ்டலை வைத்தே ஆடும் முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்ட், கையில் கிளாக். ஒன்று தலையில், ஒன்று நெஞ்சில் என்று அவனே சொன்னான். இரண்டு தோட்டாவுமே பதிவாகியிருந்தன, நெட் எதையும் விழுங்கவில்லை. அப்படியானால் எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டான்? அதே மேப்பைத் தனியாகத் திறந்து `sv_cheats 1` போட்டு, அவன் நின்ற இடத்திலும் எதிரி நின்ற இடத்திலும் `getpos` அடிக்கச் சொன்னேன். அது அந்த இடத்தின் மூன்று அச்சு எண்களைக் கொடுக்கும். தரை சமமாக இருந்ததால் முதல் இரண்டே போதும். ஓர் அச்சில் வித்தியாசம் 540, இன்னொன்றில் 720. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான்: 540-இன் வர்க்கத்தையும் 720-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 900 யூனிட்.

இனி கணக்கு. 900-ஐ 500-ஆல் வகுத்தால் 1.8. 0.85-ஐ 1.8 அடுக்குக்கு உயர்த்தினால் 0.746. தலைக்கு 120 பெருக்கல் 0.746, அதாவது 89.6. ஆட்டம் பின்னத்தைக் கழித்துவிடும் என்பதால் 89. நெஞ்சுக்கு 30 பெருக்கல் 0.746, சுமார் 22.4. ஆனால் எதிரி கெவ்லர் என்ற உடல் கவசம் போட்டிருந்தான். கெவ்லர் வழியே கிளாக் தோட்டாவில் 47 சதவீதம்தான் உள்ளே போகும். எனவே 10.5, பின்னம் கழித்து 10. 89-உம் 10-உம் சேர்ந்து 99. எதிரி ஒரே ஒரு ஹெல்த்துடன் பிழைத்து, திரும்பி அவனைச் சுட்டிருக்கிறான். அதே 900 யூனிட்டில் கையில் யூஎஸ்பி-எஸ் இருந்திருந்தால் தலைக்கு 118, முதல் தோட்டாவிலேயே முடிந்திருக்கும். அவன் அப்பாவிடம் பிளானை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்படியென்றால் கிளாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிஸ்டல் ரவுண்டில் கையில் ஆட்டப் பணம் 800 டாலர் இருக்கும். 650-க்குக் கெவ்லர் வாங்கலாம், அதற்கு மேல் ஹெல்மெட்டுக்குப் பணம் போதாது. அதனால் அந்த ரவுண்டில் எல்லார் தலையும் திறந்துதான் இருக்கும். கெவ்லரை விட்டுவிட்டு 300-க்கு பி250 வாங்கினால் அடிப்படை 38, மாடிஃபையர் 0.90. திறந்த தலையை அது 1,980 யூனிட் வரை ஒரே தோட்டாவில் முடிக்கும். நீளமான பாதையில் நிற்கப்போகிறவனுக்கு நான் அதைத்தான் சொல்வேன். கூட்டமாக உள்ளே பாய்கிறவர்களுக்குக் கெவ்லரும் கிளாக்கும் போதும், எப்படியும் 560-க்குள் போய்விடுவார்கள். நடுத்தரத் தூரத்தில் மாட்டிக்கொண்டால் முதல் தோட்டா தலையில் பட்டதும் எதிரி விழுவான் என்று நம்பி மவுஸை வேறு பக்கம் திருப்பக் கூடாது. இரண்டாவதையும் தலைக்கே வைக்க வேண்டும். எங்கள் பையன்கள் பாதிப் பேர் சாவது அப்படித் திருப்பும் நொடியில்தான்.

பெரிய துப்பாக்கிகளுக்கு வரும்போது கதை மாறுகிறது. ஏகே-47-க்கு மாடிஃபையர் 0.98, ஏடபிள்யூபி ஸ்னைப்பருக்கு 0.99. இவற்றுக்கு மேப்பின் நீளத்துக்குள் தூரம் பெரிய விஷயமே இல்லை. பக்கத்தில் நின்று சுட்டால் ஏகே ஹெல்மெட் போட்ட தலைக்கு 111 கொடுக்கும். அது 100-க்குக் கீழே இறங்க 2,700 யூனிட் வேண்டும். ஷாட்கன் நேர் எதிர். நோவாவின் மாடிஃபையர் 0.70 என்பதால் 1,000 யூனிட்டில் ஒவ்வொரு குண்டும் பாதிக்கும் கீழே வந்துவிடும். போதாததற்குக் குண்டுகள் சிதறிப்போவதால் அவற்றில் பாதி, ஆள் மேலேயே படாது.

எல்லாவற்றையும் தூரத்தின் மேல் போட்டுவிடவும் கூடாது. எம்4ஏ4-இல் ஹெல்மெட் தலைக்கு மூக்கோடு மூக்கு வைத்துச் சுட்டாலும் 92-தான். அங்கே காரணம் ஹெல்மெட், தூரமல்ல. ரிப்போர்ட்டில் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவான தோட்டாக்கள் பதிவாகியிருந்தால் அதற்கும் தூரம் காரணமல்ல. தோட்டா சிதறி விலகியிருக்கலாம், அல்லது நெட் நிஜமாகவே சொதப்பியிருக்கலாம். அப்போது பிளானைப் பற்றி யோசிக்கலாம். தோட்டா எண்ணிக்கை சரியாக இருந்து டேமேஜ் மட்டும் குறைவாக இருந்தால், முதலில் தூரத்தையும் கவசத்தையும் பாருங்கள்.

இந்த வளைவுக் கணக்கு எல்லா விளையாட்டுக்கும் பொருந்தாது. வேலரன்ட்டில் படிப்படியாக இறங்கும். அங்கே ஒரு குறிப்பிட்ட தூரம் வரை டேமேஜ் மாறாது, தாண்டினால் ஒரேயடியாகக் குறையும். பக்கத்தில் நின்று சுட்டால் ஃபேன்டம் துப்பாக்கி தலைக்கு 156 கொடுக்கும். முழுக் கவசம் போட்ட எதிரிக்கு மொத்தம் 150. முதல் படியைத் தாண்டியதும் டேமேஜ் 150-க்குக் கீழே போய்விடும், ஒரே தோட்டாவில் விழமாட்டான். வேண்டல் துப்பாக்கி எந்தத் தூரத்திலும் தலைக்கு 160 கொடுக்கும். ஃபேன்டமை விட்டு வேண்டலுக்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் மாறுகிறார்கள்.

அப்டேட் வரும்போது இந்த எண்களை மாற்றுவது சகஜம். அதனால் பழைய வீடியோவில் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். தனி மேப்பில் `sv_cheats 1` போட்டு, `bot_place` கொடுத்து கம்ப்யூட்டரே ஆட்டும் ஒரு பாட் ஆளை நிறுத்தி, `bot_stop 1` கொடுத்து அசையாமல் வைத்து, 500, 1,000, 1,500 யூனிட்டில் நின்று தலையில் ஒரு தோட்டா சுட்டுப் பாருங்கள். பாட் ஹெல்மெட் போடாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண் குழம்பிவிடும். சாகாத தூரங்களில் கன்சோலில் வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, மேலே உள்ள சூத்திரத்தில் போட்டு ஒப்பிட்டால் மாடிஃபையர் மாறியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.